துக்கத்தில் இருக்கும் சக ஊழியருக்கு என்ன எழுதுவது?

வணக்கம் நேயர்களே. கணக்குப் பிரிவிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். கூட வேலை செய்கிறவர் வீட்டில் ஒரு சாவு விழுந்தால், ஊரில் இருந்தால் மாலையோடு போய்விடுகிறோம். போக முடியாதபோது மின்னஞ்சல்தான். அதை எப்படி எழுதுவது என்பதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

எங்கள் பிரிவில் ஒரு அம்மாவின் தகப்பனார் காலமானார். ஊர் தூரம். பக்கத்து மேசைத் தம்பி ஒரு மின்னஞ்சல் எழுதி, சரியா என்று என்னிடம் காட்டினான். "தங்கள் தந்தையாரின் மறைவு ஈடு செய்ய முடியாத இழப்பு. அன்னாரது ஆன்மா சாந்தியடைய இறைவனை வேண்டுகிறேன். ஏதாவது உதவி தேவைப்பட்டால் சொல்லவும்." இலக்கணத்தில் ஒரு பிழை கிடையாது. ஆனால் அந்தத் தகப்பனாரை எடுத்துவிட்டு வேறு யாரை வைத்தாலும் அப்படியே பொருந்தும். அதுதான் அதில் இருந்த குறை.

"அவங்க அப்பாவைப் பத்தி உனக்கு என்னப்பா தெரியும்?" என்று கேட்டேன். ஒன்றும் தெரியாது, பார்த்ததுகூட இல்லை என்றான். கொஞ்சம் யோசித்த பிறகு, "போன்ல ஒருதடவை பேசியிருக்கேன்" என்றான். அதை எழுது என்றேன். அவன் கடைசியில் அனுப்பியது ஏறக்குறைய இப்படி இருந்தது. கேளுங்கள்:

"அக்கா, அப்பா தவறிவிட்ட செய்தி நேற்று சாயங்காலம்தான் தெரிந்தது. ரொம்ப வருத்தமாக இருக்கிறது. மதியம் ஒரு மணிக்கு நம் பிரிவில் போன் அடித்தால் அது அப்பாதான் என்று எல்லோருக்கும் தெரியும். ஒருநாள் நீங்கள் ஆடிட்டரோடு இருந்தபோது நான் எடுத்தேன். 'அவ சாப்பிட்டாளா?' என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். 'சரி, நீ சாப்பிட்டியாப்பா?' என்றார். இதை உங்களிடம் சொல்ல விட்டுப்போயிற்று. 20-ஆம் தேதிக்குள் போட வேண்டிய ஜி.எஸ்.டி. ரிட்டர்னை நான் பார்த்துக்கொள்கிறேன், மேனேஜரிடமும் சொல்லிவிட்டேன். இதற்குப் பதில் எழுத வேண்டாம்."

அவ்வளவுதான். மகளுக்கே தெரியாத ஒரு நிமிடம் அதில் இருக்கிறது பாருங்கள். அப்பாவைப் பற்றி இனிமேல் புதிதாக ஒன்றும் தெரிய வராது என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் அது போய்ச் சேர்கிறது. அவர் திரும்பி வந்ததும் அந்தத் தம்பியிடம், "அப்பா வேற என்ன சொன்னார்?" என்றுதான் முதலில் கேட்டார்.

உதவி விஷயத்தைக் கவனித்தீர்களா? "ஏதாவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்" என்று எழுதினால், என்ன வேண்டும் என்று யோசித்து, யாரிடம் கேட்கலாம் என்று தயங்கி, கேட்டும் ஆக வேண்டிய வேலை துக்கத்தில் இருப்பவர் தலையில் விழுகிறது. அநேகமாகக் கேட்கவே மாட்டார்கள். ரிட்டர்ன் தேதி போய்விட்டால் அபராதம் என்பது அந்த அம்மாவின் மனத்தில் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கும். அந்த ஒன்றை எடுத்துக்கொண்டான், அதுவும் மேனேஜரிடம் சொல்லிவிட்டே எழுதினான். செய்யப்போகிற ஒரு வேலையைப் பெயர் சொல்லி எழுதுங்கள். செய்ய முடியாது என்றால் அந்த வரியே வேண்டாம்.

பதில் எழுத வேண்டாம் என்பதும் அப்படித்தான். வீடு நிறைய உறவுக்காரர்கள், காரியத்துக்குச் சாமான் வாங்க ஆள் அனுப்ப வேண்டும். அதற்கு நடுவில் நாற்பது பேருக்கு நன்றி எழுதிக்கொண்டிருக்க முடியுமா? பெரும்பாலும் பதினாறாம் நாள் முடிந்து, எல்லோரும் ஊருக்குக் கிளம்பிப் போன பிறகு, ஒரு ராத்திரியில்தான் இதையெல்லாம் நிதானமாகப் படிப்பார்கள். அதனால், தாமதமாகிவிட்டதே, இனி எழுதி என்ன என்று விட்டுவிடாதீர்கள். பத்து நாள் கழித்து எழுதினாலும் அது படிக்கப்படும்.

எழுதக் கூடாதவையும் உண்டு. எப்படி ஆயிற்று, எந்த ஆஸ்பத்திரி என்று விசாரிக்காதீர்கள். வயதாகிவிட்டது, கஷ்டப்படாமல் போனார் என்று நீங்கள் சொல்லாதீர்கள். அவர்கள் சொன்னால் ஆமாம் என்று கேட்டுக்கொள்ளலாம். நம் வீட்டுச் சாவை இழுத்து ஒப்பிடவும் வேண்டாம்.

நேரம் முடியப்போகிறது என்று சைகை காட்டுகிறார்கள். இறந்தவரைப் பற்றி ஒன்றுமே தெரியாவிட்டால் என்ன செய்வது என்று விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இறந்தவரைத் தெரியாவிட்டாலும், உங்கள் சக ஊழியரைத் தெரியும் அல்லவா? அம்மாவுக்கு மருந்து வாங்க அவர் சீக்கிரம் கிளம்பியதைப் பார்த்திருப்பீர்கள். அதை எழுதுங்கள். அதுவும் இல்லையென்றால் "செய்தி கேட்டேன், வருத்தமாக இருக்கிறது" என்ற இரண்டு வரியே போதும், இல்லாத நெருக்கத்தைக் காட்ட வேண்டாம். அப்புறம், அலுவலகத்திலிருந்து எல்லோருக்கும் வந்த அறிவிப்புக்கு எல்லோருக்குமாகப் பதில் போடாமல், அவருக்கு மட்டும் தனியாக அனுப்புங்கள். வணக்கம்.