முற்றிலிருந்து திருத்துங்கள்

நேயர்களுக்கு வணக்கம். வயது வந்த பிறகு தமிழ் படிப்பவர்களின் நோட்டைத் திருத்தும்போது, வாக்கியத்தை முதல் சொல்லிலிருந்து படிக்காதீர்கள். கடைசியில் நிற்கும் வினைமுற்றில் தொடங்குங்கள். அந்த விகுதி யாரைக் காட்டுகிறது என்று பாருங்கள். அப்புறம் மேலே போய் எழுவாயைத் தேடுங்கள். முதலிலிருந்து படித்தால், அவர் சொல்ல வந்தது நமக்கே புரிந்துவிடும்; பிழை கண்ணில் படாது.

பயிற்சிக்காக ஒரு பத்தி சொல்கிறேன். "பாட்டி வீட்டில் இரண்டு மாடுகள் இருந்தது. நானும் தம்பியும் பால் குடித்தேன். எனக்கு அந்தப் பால் மிகவும் பிடித்தேன். மாடு சாயங்காலம் வீட்டுக்கு வருவது."

முதல் வாக்கியத்தில் எழுத்து வழக்குக்கு 'இருந்தன' வேண்டும். ஆனால் பேச்சில் நாமே "மாடுங்க இருந்துச்சு" என்றுதான் சொல்கிறோம். பேசக் கற்க வந்தவரிடம் இதை முதல் நாளே பிடித்துக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து. இரண்டாவதில் எழுவாயின் முதல் பாதியான 'நான்' மட்டும் அவர் மனதில் நின்றுவிட்டது. "நானும் தம்பியும் என்றால் நாங்கள்தானே?" என்று கேட்டாலே போதும், அவரே 'குடித்தோம்' என்று மாற்றிவிடுவார்.

மூன்றாவதில்தான் நிதானம் வேண்டும். 'பிடித்தேன்' என்பதும் நல்ல தமிழ்ச் சொல்லே. 'பந்தைப் பிடித்தேன்' என்கிறோமே! அதனால் எழுத்துப்பிழை பார்க்கும்போது இது தப்பிவிடும். பிடித்தது தனக்கு என்பதால், தன்னையே எழுவாயாக எண்ணி 'ஏன்' விகுதியைப் போட்டிருக்கிறார். 'எனக்கு' நான்காம் வேற்றுமை; அது எழுவாய் ஆகாது. இங்கே எழுவாய் பால். எனவே 'பிடித்தது'. பசிக்கிறது, தெரியும், வேண்டும் என்று இதே வகையில் வரும் வினைகள் பல. திருத்தும்போது விகுதியை மட்டும் மாற்றிக் கொடுத்தால் அடுத்த வாரம் "எனக்குப் பசிக்கிறேன்" வரும். 'எனக்கு' என்பதன் கீழே ஒரு கோடு போட்டு, "இந்தக் 'கு' இருந்தால் வினை இவரைப் பார்க்காது" என்று ஓரத்தில் எழுதுங்கள்.

கடைசி வாக்கியத்தில் இருப்பது கவனக்குறைவு இல்லை, கணக்கு. வந்தது, வருகிறது என்று படித்தவர், 'வருவான்' என்பதில் உள்ள 'வ்' எதிர்காலம் காட்டுவதையும் கவனித்து, 'வருவது' என்று கட்டியிருக்கிறார். விதியைச் சரியாகவே நீட்டினார். மொழிதான் அங்கே வேறு பக்கம் திரும்புகிறது. அஃறிணைக்கு எதிர்காலத்திலும் வழக்கமான செயலிலும் 'உம்' வரும். மாடு வரும், மாடுகளும் வரும்; ஒருமை பன்மை வேறுபாடே இல்லை. 'வருவது' இருக்கிறது, ஆனால் பெயராக: 'மாடு வருவது தெரிகிறது'. இதைப் பிழை என்று அடித்துவிடாமல், வரும், போகும், இருக்கும் என்று மூன்றைப் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள்.

எதிர்மறையிலும் ஒன்று பாருங்கள். 'வரவில்லை' எல்லோருக்கும் பொது. நான், அவள், மாடு, யாருக்கும் விகுதி மாறாது. எதிர்காலத்திலோ வரமாட்டேன், வரமாட்டாள் என்று மாறும். மாட்டுக்கு மட்டும் 'வராது'. 'மாடு வரமாட்டான்' என்று எழுதியிருந்தால் அவர் 'மாட்டேன், மாட்டாள்' வரிசையைப் படித்துவிட்டார், 'ஆது' இன்னும் கைக்கு வரவில்லை என்று பொருள். அடுத்த வகுப்பை அங்கிருந்து தொடங்கலாம்.