பட்ஜெட்டைப் பார்த்துக்கொண்டேன் என்று எழுதினால் போதுமா?

வணக்கம். ஈவென்ட் மேனேஜர் வேலைக்கு விண்ணப்பிக்கும் ஒரு தோழி தன் ரெஸ்யூமேயை அனுப்பியிருந்தார். விளம்பரத்தில் மூன்று விஷயம் கேட்கிறார்கள்: வெண்டர் ஒருங்கிணைப்பு, பட்ஜெட் கட்டுப்பாடு, நிகழ்ச்சி நாளன்று களத்தில் நின்று நடத்தித் தருவது. இவற்றுக்கு அவர் ரெஸ்யூமேயில் இருந்தது ஒரே வரி: "வெண்டர்களையும் பட்ஜெட்டையும் கவனித்து, மாநாட்டை வெற்றிகரமாக நடத்தினேன்." இந்த வரியை யார் வேண்டுமானாலும் எழுதலாம், இல்லையா?

அதனால் போனில் அந்த மாநாட்டைப் பற்றியே கேட்டேன். 2 நாள் நிகழ்ச்சி, 450 பேருக்குத் திட்டம், 9 வெண்டர்கள். பட்ஜெட்டில் என்ன செய்தீர்கள் என்றால், "எக்செல்லில் செலவை எழுதி வைத்தேன்" என்றார். அது கணக்கு எழுதுவது. கட்டுப்பாடு என்றால் செலவு கைமீறும் முன்பே எதையாவது மாற்றியிருக்க வேண்டும். கொஞ்சம் தோண்டினேன், வந்தது விஷயம். பதிவு 380-ஐத் தாண்டாது என்று தெரிந்ததும், கேட்டரிங்காரர் கொடுத்த கெடு தேதிக்கு முன்பே சாப்பாட்டு எண்ணிக்கையைக் குறைத்திருக்கிறார். அந்தத் தேதி போயிருந்தால், வராத 70 பேருக்கும் பணம் கட்ட வேண்டியிருந்திருக்கும். மிச்சமானதில் ஒரு பகுதியைக் கூடுதல் ஒலி அமைப்புக்குத் திருப்பியும், மொத்தச் செலவு ஒப்புதலான தொகையைவிட 4% குறைவாகவே முடிந்தது. இதை ஏன் எழுதவில்லை என்று எனக்கு ஆதங்கமாகவே இருந்தது!

இப்போது அந்த வரி இப்படி இருக்கிறது: "450 பேருக்கான மாநாட்டில் பதிவைத் தொடர்ந்து கவனித்து, கெடுவுக்கு முன் உணவு எண்ணிக்கையை 380 ஆகக் குறைத்தேன், ஒப்புதலான பட்ஜெட்டைவிட 4% குறைவாக முடித்தேன்." ஒலி அமைப்புக்குப் பணத்தைத் திருப்ப ஒப்புதல் கொடுத்தது அவருடைய மேலாளர். அதனால் அதைத் தனி வரியாக, "பரிந்துரைத்தேன்" என்றுதான் போட்டோம். நேர்காணலில் கையெழுத்து யாருடையது என்று கேட்டால் தடுமாறக் கூடாது.

களப்பணிக்கும் அதே மாநாடுதான். எல்இடி திரை வந்த லாரி 2 மணி நேரம் தாமதம். மேடை அலங்காரத்தை முன்னுக்கு இழுத்து, ஒத்திகையைச் சுருக்கி, அரங்கைக் குறித்த நேரத்துக்குத் திறந்திருக்கிறார். இந்த ஒரு சம்பவம் வெண்டர் ஒருங்கிணைப்புக்கும் சேர்த்தே சான்று.

அப்புறம், சொற்கள். ரெஸ்யூமேயில் வேறோர் இடத்தில் அவர் "சப்ளையர் தொடர்பு" என்று எழுதியிருந்தார், விளம்பரத்தில் இருப்பது "வெண்டர் ஒருங்கிணைப்பு". குறிச்சொல் போட்டுத் தேடுகிறவர்களுக்கு முதலாவது கண்ணில் படாமலே போகலாம். விளம்பரத்தின் சொல்லையே, அவர்கள் கேட்ட வரிசையிலேயே வைத்தோம். பழைய வேலையில் செய்த பிறந்தநாள் விழாக்களை ஒரே வரியில் சுருக்கிவிட்டோம். இன்று இரவு அனுப்புகிறார்.