“குடும்பக் காரணம்” என்று எழுதிய 17 பேர்

அவையோருக்கு வணக்கம். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பல வருஷம் பணியாளர் பிரிவில் இருந்தவள் நான். வேலையை விட்டுப் போகிறவரிடம் கடைசியாகப் பேசும் அந்த அரை மணி நேரத்தைப் பற்றி மட்டும் இன்று சொல்லப் போகிறேன்.

நான் வேலை பார்த்த ஒரு யூனிட்டில், மூன்று மாதத்தில் 24 தையல்காரர்கள் நின்றுவிட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகாதவர்கள். 17 பேருடைய படிவத்தில் ஒரே பதில்: குடும்பக் காரணம். அதைப் படித்த மேனேஜர், “வீட்டுப் பிரச்னைக்கு நாம என்னம்மா பண்ண முடியும்?” என்றார். கோப்பு மூடப்பட்டது.

அந்தப் படிவத்தை நிரப்பியது யார் தெரியுமா? லைன் சூப்பர்வைசர். அதுவும் கணக்கு முடிக்கும் முன்பு. சம்பள பாக்கி கைக்கு வராத நிலையில், சூப்பர்வைசர் முகத்தைப் பார்த்துக்கொண்டு யார் உண்மையைச் சொல்வார்கள்? குடும்பக் காரணம் என்றால் யாரும் மறுகேள்வி கேட்க மாட்டார்கள். அதனால் அதைச் சொன்னார்கள்.

ஆகவே முதல் வேலையாக நேரத்தையும் ஆளையும் மாற்றினோம். பணம் வங்கியில் ஏறிய பிறகு, அந்த லைனுக்குச் சம்பந்தமில்லாத நான் பேசினேன். சிலர் சொல்லாமலே நின்றவர்கள். அவர்களுக்கு இரண்டு வாரம் கழித்து மத்தியான வேளையில் போன் செய்தேன். “நீங்க சொல்றதை உங்க பேரோட யாருக்கும் சொல்ல மாட்டேன், மூணு பேராவது ஒரே விஷயத்தைச் சொன்னாத்தான் மேலே கொண்டுபோவேன்” என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். பாலியல் தொந்தரவு மட்டும் இந்தக் கணக்கில் சேராது. ஒருவர் சொன்னாலும் போதும், வேலையை விட்டிருந்தாலும் உள்ளகப் புகார்க் குழுவிடம் எழுதிக் கொடுக்கலாம், சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுப்பது நல்லது என்று அவரிடம் சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது கேள்வி. “ஏன் நின்னீங்க?” என்று கேட்டால் தயாராக வைத்திருக்கும் பதில்தான் வரும். நான் கேட்டது இது: “இனிமேல் இங்க வேண்டாம்னு முதல்முதலா மனசுல பட்ட நாள் எது? அன்னைக்கு என்ன நடந்துச்சு?”

ஓவர்லாக் மெஷினில் இருந்த ஒரு பெண் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு சொன்னார்: “அன்னைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு சூப்பர்வைசர் வந்து, எட்டரை வரைக்கும் இருக்கணும்னு சொன்னாங்க அக்கா. பாப்பா ஸ்கூல் விட்டு வந்து வாசல்லயே உட்கார்ந்திருந்திருக்கா. வீட்டுல பெரிய சண்டைங்க.”

குடும்பக் காரணம் பொய்யில்லை. ஆனால் அந்தச் சண்டை கிளம்பிய இடம் எங்கள் தையல் லைன். தொடர்பு கொள்ள முடிந்த 15 பேரில் 9 பேர் வெவ்வேறு வார்த்தைகளில் இதையே சொன்னார்கள். ஓவர்டைம் வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. முன்கூட்டியே தெரிந்தால் மாமியாரிடமோ பக்கத்து வீட்டிலோ சொல்லிவிட்டு வந்திருப்போம் என்றார்கள்.

இதை அப்படியே மேலே கொண்டுபோயிருந்தால், “ஷிப்மென்ட் தேதிக்கு யார் பதில் சொல்வது?” என்ற கேள்வியோடு நின்றிருக்கும். அதனால் வருகைப் பதிவையும் உற்பத்திப் பதிவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். திடீர் ஓவர்டைம் வந்த நாட்களில் பெரும்பாலும் காலையில் லைன் சும்மா இருந்திருக்கிறது! சாயப்பட்டறையிலிருந்து துணி தாமதமாக வரும், கட்டிங் தள்ளிப்போகும், காலையில் போன நேரத்தை ராத்திரியில் பிடிப்பார்கள். துணி வராது என்பது, ஆர்டரையும் துணி வரவையும் கவனிக்கும் மெர்ச்சண்டைசருக்கு முந்தின நாள் மத்தியானமே தெரியும். லைனில் இருப்பவருக்குத்தான் யாரும் சொல்வதில்லை.

செய்தது சின்ன மாற்றம்தான். தினமும் பகல் 12 மணிக்கு மெர்ச்சண்டைசர் மறுநாள் துணி நிலவரத்தைக் கட்டிங் மாஸ்டரிடம் சொல்ல வேண்டும். ஒரு மணிக்குள் மறுநாள் ஓவர்டைம் உண்டா இல்லையா என்று பலகையில் எழுத வேண்டும். அதை மீறி அன்றே சொல்ல நேர்ந்தால், விருப்பமுள்ளவர் மட்டும் இருக்கலாம். மற்றவர்களுக்கு ஆறு மணி வண்டி கட்டாயம் கிளம்பும். ஓவர்டைம் முடிந்தவர்களுக்காக வண்டி இரண்டாவது நடை போக ஆகும் செலவைத்தான் மேனேஜர் ரொம்ப எதிர்த்தார். புதிய தையல்காரருக்குக் கை பழகும்வரை சம்பளம் கொடுத்தும் பாதி உற்பத்திதான் வருகிறது என்ற கணக்கை எழுதிக் காட்டிய பிறகே சம்மதித்தார்.

மாற்றம் பலித்ததா என்று பார்க்க இரண்டே எண்களைக் குறித்து வந்தோம்: அன்றே சொன்ன ஓவர்டைம் மாதத்தில் எத்தனை நாள், ஒவ்வொரு மாதமும் சேர்ந்தவர்களில் 60-ஆம் நாள் எத்தனை பேர் இருக்கிறார்கள். முதல் எண் குறையாமல் இரண்டாவது எண் ஏறினால், காரணம் தீபாவளி போனஸாகக்கூட இருக்கலாம். அப்போது நம் வேலைக்குப் பலன் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது.

இன்னொன்று. போனவர்கள் சொல்வதை மட்டும் கேட்டால் பாதிதான் தெரியும். அதே லைனில் நிலைத்து நின்றவர்களிடமும், “போயிடலாம்னு எப்பவாவது தோணுச்சா, ஏன் போகலை?” என்று கேட்டேன். பலர் சொன்ன பதில், “எங்க அம்மா வீட்டுல இருக்காங்க.” குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தவர்கள் தாக்குப்பிடித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு, புதிதாகச் சேரும் ஒவ்வொருவரிடமும் சாயங்காலம் குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று சேர்த்துக்கொண்ட மறுநாளே கேட்டு, ஆள் இல்லாதவர்களை முதல் இரண்டு மாதம் ஓவர்டைம் பட்டியலில் சேர்க்காமல் வைத்தோம்.