ரெட்டைப் போட்டால் போதாது, ஃபாலோ வேண்டும்

எல்லாருக்கும் வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்திருக்கிறேன். முன்னால் தண்ணீர் டிரம், அதன் மேல் கேரம் போர்டு. கடல் காற்று அடிப்பதால் போரிக் பவுடர் பாதி என் மேல்தான் இருக்கிறது, அதைக் கண்டுகொள்ளாதீர்கள்.

லீவுக்கு அக்கா மகள் வந்திருக்கிறாள், பத்து வயது. அவளுக்குக் கேரம் கற்றுக்கொடுப்பது மொத்தக் குடும்பமும். அதுதான் பிரச்சினையே. எங்கள் அப்பா "ரெட்டைப் போட்டா ஃபாலோ போடணும்" என்கிறார். மாமா தெருமுனை மன்றத்தில் டோர்னமென்ட் ஆடுகிறவர். அவர் "குயீனை கவர் பண்ணணும்" என்கிறார். நேற்று சாயங்காலம் பாப்பா சிவப்புக் காயைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து வெளியே வைத்து, அதன் மேல் ஒரு வெள்ளைக் காயை மூடிபோல வைத்துவிட்டு, "சித்தி, கவர் பண்ணிட்டேன்" என்றாள். சிரித்துவிட்டேன். ஆனால் யோசித்தால் அவள் மேல் தப்பே இல்லை. கவர் என்றால் மூடுவதுதானே?

சரி, முதலில் இந்த ஸ்ட்ரைக்கர். நாம் சுண்டுகிற பெரிய காய் இதுதான். டோர்னமென்ட் விதிப்படி இதன் எடை 15 கிராமைத் தாண்டக்கூடாது, குறுக்களவு 4.13 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். இதை உங்கள் பக்கத்தில் இருக்கிற இரட்டைக் கோட்டின் மேல், இரண்டு கோட்டையும் தொடுகிற மாதிரி வைக்க வேண்டும். ஒரு கோட்டை மட்டும் தொட்டால் செல்லாது. விரல் ஸ்ட்ரைக்கரைச் சுண்ட வேண்டும், தள்ளிக்கொண்டே போகக்கூடாது. ஸ்ட்ரைக்கர் மட்டும் பாக்கெட்டில் விழுந்தால் ஆட்டம் எதிராளிக்குப் போய்விடும், நீங்கள் ஏற்கெனவே போட்ட காய் ஒன்றும் அபராதமாக வெளியே வரும். மாமா இதை டியூ என்பார், எங்கள் வீட்டில் ஃபைன்.

நடுவில் இருக்கிற சிவப்புக் காய்தான் குயீன். ரெட் என்பதும் குயீன் என்பதும் ஒன்றே. உங்கள் காயில் ஒன்றாவது போட்ட பிறகுதான் அதைத் தொட உரிமை வரும். அதைப் போட்ட உடனே அது உங்களுடையது ஆகிவிடாது. அடுத்த அடியிலேயே உங்கள் நிறக் காய் ஒன்றைப் போட வேண்டும். அந்தக் காய்தான் கவர், அதாவது ஃபாலோ. ரெட்டின் பின்னாலேயே போகிற காய் என்பதால் ஃபாலோ. எனக்கென்னவோ நம் தெருச் சொல்தான் விஷயத்தைச் சரியாகச் சொல்கிறது. பாப்பாவும் ஃபாலோ என்றதும் டக்கென்று பிடித்துக்கொண்டாள். ஒரே அடியில் ரெட்டும் உங்கள் காயும் சேர்ந்து விழுந்தாலும் கவர் ஆனதாகவே கணக்கு. அடுத்த அடி தவறினால் எதிராளி ரெட்டை எடுத்து மறுபடி நடுவில் வைத்துவிடுவார்.

இன்னொன்று. சில வீடுகளில் கருப்புக்கு 10, வெள்ளைக்கு 20, சிவப்புக்கு 50 என்று பாயின்ட் ஆட்டம் ஆடுவார்கள். அதில் யாருக்கும் தனி நிறம் கிடையாது, அதனால் எந்தக் காயைப் போட்டாலும் ஃபாலோதான். உங்கள் சித்தப்பா வீட்டில் ஒரு மாதிரி, தாத்தா வீட்டில் ஒரு மாதிரி என்று குழம்பினால் இதுதான் காரணமாக இருக்கும். உட்கார்ந்ததும் எந்த ஆட்டம் என்று கேட்டுவிடுங்கள்.

இப்போது நேற்று நடந்ததைப் போர்டில் அப்படியே அடுக்கியிருக்கிறேன், பாருங்கள். 25 பாயின்ட் ஆட்டம். பாப்பா 19, நான் 18. அவளுக்கு வெள்ளை, பாக்கி இரண்டே காய். ஒன்று எதிரே இடது பாக்கெட்டின் வாயிலேயே, ஊதினால் விழும். இன்னொன்று வலது சட்டத்தை ஒட்டி, என் கருப்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருக்கிறது. ரெட் எதிரே வலது பாக்கெட்டுக்குப் பக்கத்தில். எனக்குக் கருப்பு மூன்று பாக்கி.

கணக்கைப் பாருங்கள். தன் காய் எல்லாவற்றையும் முதலில் போட்டு போர்டை, அதாவது ஒரு சுற்றை, முடிப்பவருக்கு எதிராளியின் பாக்கிக் காய் ஒவ்வொன்றுக்கும் ஒரு பாயின்ட், ரெட்டைக் கவர் செய்து வைத்திருந்தால் மேலே மூன்று. அவள் ரெட்டோடு முடித்திருந்தால் மூன்றும் மூன்றும் ஆறு. 19 + 6 = 25, ஆட்டமே முடிந்திருக்கும்.

அவள் என்ன செய்தாள்? வாயில் நின்ற வெள்ளையை ஆசையாக முதலில் போட்டாள். எல்லாரும் கை தட்டினார்கள். அடுத்து ரெட்டையும் அழகாகப் போட்டாள், அதற்கும் கை தட்டல். நான் மட்டும் தட்டவில்லை. ஃபாலோவுக்கு மிச்சம் இருந்தது அந்த மாட்டிக்கொண்ட வெள்ளை மட்டும். சுண்டினாள், கருப்பில் பட்டு நின்றது. ரெட் நடுவுக்கு வந்தது, ஆட்டம் என் கைக்கு வந்தது.

வாயில் நின்ற வெள்ளைதான் அவளுடைய ஃபாலோ. அதைப் போடாமல் வைத்துக்கொண்டு, ரெட்டை முதலில் அடித்திருக்க வேண்டும். அப்புறம் அந்தச் சுலபக் காயால் கவர். அதற்குப் பிறகு மாட்டிய காய்க்கு நான்கு தடவை முயன்றாலும் ரெட் பத்திரம். மாமா பக்கத்தில் உட்கார்ந்து சொன்னது இவ்வளவுதான்: "பாப்பா, ரெட்டைப் பாக்காத, ஃபாலோ எங்க இருக்குன்னு பாரு."

இங்கேதான் ஸ்ட்ரைக்கரும் வருகிறது. ரெட்டை அடித்த பிறகு ஸ்ட்ரைக்கர் எங்கே நின்றாலும் கவலை இல்லை, அடுத்த அடிக்கு நம் கோட்டுக்கே திரும்பி வரும். ஆனால் வேகமாக அடித்தால் அது சட்டத்தில் பட்டுத் திரும்பி, வாயில் நிற்கிற ஃபாலோவைத் தட்டிவிட்டுப் போய்விடும். அதனால் ரெட்டை மெதுவாக, விழுகிற அளவுக்கு மட்டும் சுண்டுங்கள். மெதுவாக அடிக்கும்போது ஸ்ட்ரைக்கர் ரெட்டின் பின்னாலேயே பாக்கெட்டுக்குள் போகிற ஆபத்தும் குறையும்.

பாப்பா ஒன்று கேட்டாள்: "சித்தி, ரெண்டு வெள்ளையையும் போட்டுட்டு கடைசியா ரெட்டை அடிச்சா?" முடியாது. ரெட் போர்டில் இருக்கும்போது உங்கள் கடைசிக் காயைப் போட்டால் போர்டே தோற்றது. கடைசிக் காயை ரெட்டுக்கு ஃபாலோவாகப் போட்டு முடிக்கலாம், அதில் தவறில்லை.

அப்புறம் நான் ரெட்டைப் போட்டு, ஒரு கருப்பால் கவர் செய்து, மற்ற இரண்டையும் முடித்தேன். அவளிடம் ஒரு வெள்ளை பாக்கி, அதற்கு ஒன்று, ரெட்டுக்கு மூன்று, நான்கு பாயின்ட். பத்து வயதுப் பிள்ளையிடம் இப்படியா என்று அக்கா முறைத்தாள். நான் 22க்கு வந்துவிட்டேன். 22 வந்துவிட்டால் ரெட்டுக்கு எனக்கு மூன்று பாயின்ட் கிடையாது, 21 வரைதான் அந்தச் சலுகை. ஆனால் போர்டு முடிய வேண்டுமானால் ரெட் எப்படியும் கவர் ஆகித்தான் தீர வேண்டும்.

இந்தப் பக்கத்தில் இதெல்லாம் விளையாட்டு இல்லை, தெரியுமா? 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் எடுத்த காசிமா நம் வட சென்னைப் பெண்தான். அதைச் சொன்னதிலிருந்து பாப்பா தினமும் காலையில் போர்டைத் துடைத்து வைத்துவிடுகிறாள். கீழே கூப்பிடுகிறாள், அடுத்த ஆட்டமாம். நேற்றைய ஸ்கோர் அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. 19-22. போகிறேன்.