மொய் நோட்டும் கைதட்டலும்

"குரூப்பில் பாராட்ட மனசு வராதவங்கதான் தனியா மெசேஜ் போடுவாங்க. மொய் நோட்டில் பேர் எழுதாம கவரைக் கையில திணிச்சிட்டு ஓடுற ஆளுங்க!" – இது எதிரணி அம்மா.

நடுவர் அவர்களே, தர்மபுரிப் பெருமக்களே, வணக்கம். வேலை செய்யுற இடத்தில் பாராட்டை வாட்ஸ்அப் குரூப்பில் போடணுமா, தனியா அனுப்பணுமா? தனியாத்தான்னு சொல்றது எங்க அணி.

அம்மா மொய்யைத் தொட்டுட்டாங்க, நான் விடுவேனா? மைக்கில் "தாய்மாமன் 10,001"னு சொன்னதும் மண்டபமே திரும்பிப் பார்க்குது. அடுத்து 101 ரூபாயோட நிக்கிற பெரியப்பா என்ன செய்வார்? கை கழுவப் போயிடுவார். இன்னும் சாப்பிடவே இல்ல, கை கழுவறார்!

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலை. பெங்களூரா மாம்பழம் லோடு லோடா இறங்குற சீசன், நைட் ஷிப்ட். 3.1 கிலோ டின்னுக்கு மூடி போடுற மெஷின்கிட்ட ஒரு பொண்ணு. டின்னை எடுக்கிறா, மூடி ஓரத்தில் விரலை ஓட்டுறா. தடுக்குது. மறுபடி ஓட்டுறா. அதே இடம், தடுக்குது. மடிப்பு சரியா விழல. அப்படியே போனா கிருமி புகுந்து டின் உப்பிக்கும். லைனை நிறுத்தச் சொல்லிட்டா.

காலையில மேனேஜர் குரூப்பில், போட்டோவோட: "பெரிய தப்பைப் பிடித்த தங்கைக்குப் பாராட்டு!" நல்ல மனுஷன்தான். ஆனா மெஷினை ஓட்டினது யாருன்னு குரூப்புக்கே தெரியுமே! பிடிச்சவ பேரைப் போட்டா, விட்டவர் பேரைத் தனியா போடணுமா? அவர் கைதட்டல. அவர் கைதட்டலைன்னு இன்னொருத்தர் ஸ்கிரீன்ஷாட் எடுத்தார்! மத்தியானம் அந்தப் பொண்ணு பக்கத்தில் யாரும் தூக்கைத் திறக்கல. அடுத்த வாரம் இன்னொரு டின் தடுக்குது. விரலை எடுத்துட்டு, பேசாம அனுப்பிட்டா.

(முன்வரிசை ஐயா: "என் மருமக குரூப்பை விட்டே என்னைத் தூக்கிட்டா!") ஐயா, அதுக்கு வேற பட்டிமன்றம் வைக்கணும்.

குரூப்பில் "மூடி ஓரத்தை அடிக்கடி தடவிப் பாருங்க"ன்னு பேரில்லாம போட்டிருக்கலாம். பாராட்டை அவளுக்குத் தனியா அனுப்பியிருக்கலாம். எல்லாமே தனியாத்தான்னு எங்க அணித் தம்பி சொன்னது கொஞ்சம் அதிகம். ஷிப்டே சேர்ந்து செஞ்ச வேலையா, குரூப்பில் போடுங்க. ஒருத்தர் உழைப்பை இன்னொருத்தர் தன்னுதுங்கறாரா, அப்பவும் குரூப்புதான் சாட்சி. சம்பளம் ஏத்துறப்ப தனி மெசேஜை யார் பார்ப்பாங்கன்னு எதிரணியில கேட்டாங்க. மேலதிகாரிக்கும் ஒரு வரி அனுப்பலாம். அதுக்கு மேல என்கிட்ட பதில் இல்ல.

ஆசானை எங்கேயும் புகழலாம்னு ஔவை பாட்டை அம்மா எடுத்துக்கொடுத்தாங்க. அதே பாட்டு நண்பனை அவன் இல்லாத இடத்தில், வேலையாளை வேலை முடிஞ்சப்புறம்னு ஒவ்வொருத்தருக்கும் இடம் பிரிக்குதே! அதியமான் ஊர்ல நின்னு பாதிப் பாட்டா?

மேனேஜருக்கு விஷயம் புரிஞ்சு, ஒரு நாள் தனியா அனுப்பினார்: "அம்மா, ராத்திரி ரெண்டு மணிக்கும் விரல் வச்சுப் பார்த்தியே, அந்தக் கவனம் எனக்கு வராது." அவ அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. படிக்கச் சொல்லிக் கேட்டார், மறுபடி படிக்கச் சொன்னார். அப்புறம் நம்பரை வாங்கிக் கூப்பிட்டார்: "சார், ஊர்ல யாரும் எம் புள்ளைய இப்பிடிச் சொன்னதில்லீங்க." மேனேஜருக்குப் பேச்சு வரல.

மணி அடிச்சிட்டாங்க. அம்மா, அந்த போன் காலை எந்த மொய் நோட்டில் எழுதுவீங்க? வணக்கம்.