ஃபீட் செத்ததா, சந்தை நின்றதா?

[திரையில்: அசையாமல் நிற்கும் சுட்டெண்]

ஹட்டன் பக்கம் மழை இருட்டிக்கொண்டு வந்தால் எங்கள் டவரில் சிக்னல் போய்விடும். போன மாதம் அப்படித்தான், விலை இருபது நிமிஷம் அசையவில்லை, பங்குச்சந்தையைப் பார்த்து ஆர்டர் தயாரிக்க நான் எழுதிய ரூட்டின் "சந்தை நிறுத்தம்" என்று கத்திவிட்டு சும்மா இருந்தது. கொழும்பில் வியாபாரம் ஜோராக நடந்துகொண்டிருந்தது.

விலை நகரவில்லை என்பது நிறுத்தத்துக்கு அடையாளமே இல்லை, பலநேரம் விலைகளைக் கொண்டுவரும் ஃபீட் செத்திருக்கும், அல்லது அந்தப் பங்கை யாரும் தொடவில்லை. அதனால் கடைசி விலையின் நேரத்தைப் பார்க்காமல், உயிரோடு இருக்கிறேன் என்று ஃபீட் அடிக்கடி அனுப்பும் இதயத்துடிப்புச் செய்தி கடைசியாக எப்போது வந்தது என்று பாருங்கள்.

```
if heartbeat_age > 20: state = "UNKNOWN"
elif status == "HALT": state = "HALT"
else:                  state = "OPEN"
```

வரிசையை மாற்றிவிடாதீர்கள். துடிப்பே வராதபோது கையில் இருக்கும் status-உம் பழசுதான். UNKNOWN என்றால் எனக்கு மணி அடிக்கும், புது ஆர்டர் தயாராகாது. (உங்கள் ஃபீட் HALT என்பதற்கு வேறு சொல் தரலாம், பார்த்துக்கொள்ளுங்கள்.)

[திரையில்: 4000 → 3800 → 3700 → 3600]

இப்போது உண்மையான நிறுத்தம். கொழும்பில் 20 பெரிய பங்குகளின் சுட்டெண்ணான எஸ் அண்ட் பி எஸ்எல்20, முந்தைய நாள் முடிவிலிருந்து 5% விழுந்தால் 30 நிமிஷம் நிற்கும், 7.5% விழுந்தால் இன்னொரு 30 நிமிஷம், 10% என்றால் அன்றைக்குக் கடை அடைப்பு. 2022 ஏப்ரல் 25இல் கடைசி எல்லையைத் தாண்டி அன்றைய வியாபாரமே முடிந்தது. நம் ஆட்கள் பார்ப்பது எல்லாப் பங்குகளையும் சேர்த்த ஏஎஸ்பிஐ சுட்டெண், ஆனால் எல்லை அளப்பது இந்த 20 பங்குகளை வைத்து.

நேற்றைய முடிவு 4000 என்று வைப்போம். 3800இல் நின்றது. அரை மணி கழித்துத் திறந்ததும் 3790. என் ரூட்டின் முதலில் செய்த தப்பு, திறந்த விலையிலிருந்து மறுபடி 5% எண்ணியது, அதாவது அடுத்த எல்லை 3600 பக்கம் என்று நினைத்தது. அளவு எப்போதும் அந்த 4000இலிருந்துதான், எனவே அடுத்தது 3700, வெறும் 90 புள்ளி. இன்னொரு நிறுத்தம் வாசலில் நிற்கும்போது புதுசாக வாங்கிவிட்டு, பிறகு விற்க முடியாமல் அரை மணி முழிக்க வேண்டும்!

அதனால் நிறுத்தத்துக்கு முன் தயாரித்த எல்லா ஆர்டரையும் ரூட்டின் கிழித்துப்போடும். 95க்கு விற்கலாம் என்று வைத்த பங்கு திறந்ததும் 91க்கு வந்திருக்கலாம், பழைய 95 அங்கே சும்மா தொங்கும், விலையில்லாத ஆர்டராக இருந்தால் கிடைத்த விலைக்குப் போய்விடும், அது இன்னும் மோசம். திறந்த பிறகு அந்தப் பங்கில் முதல் வியாபாரம் நடக்கும்வரை காத்து, அந்த விலையை வரம்பாக வைத்த ஆர்டரைப் புதிதாகத் தயார்செய்யும். அனுப்புவது நான்தான்.

அடுத்த எல்லைக்கு 1 சதவீதப் புள்ளிக்குள் சுட்டெண் வந்தால், வாங்கும் பக்கம் பூட்டு. விற்கும் பக்கம் திறந்தே இருக்கும்.