புது வேலையைச் சொல்லும் நாலு வரி

நேயர்களுக்கு வணக்கம். பணியாளர் பிரிவில் வெகுகாலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வேலைக்கு ஆள் எடுப்பதும், சேர்ந்தவர்களுக்கும் கிளம்புகிறவர்களுக்கும் காகிதம் தயார் செய்வதும்தான் பிழைப்பு. இன்றைக்கு ஒரு சின்ன விஷயத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன். புது வேலை கிடைத்தால் லிங்க்டினிலோ ஃபேஸ்புக்கிலோ எல்லாரும் நாலு வரி போடுகிறார்கள். அந்த நாலு வரியைப் பற்றி.

போன மாதம் என் அக்கா மகள் போனை நீட்டினாள். "சித்தி, இதைக் கொஞ்சம் பாருங்களேன், பீத்திக்கிற மாதிரி இருக்கா?" ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி வரும்: "எனக்கு இதற்குத் தகுதி உண்டா என்று இன்னமும் தெரியவில்லை. நூற்றுக்கணக்கானவர்களில் என்னைத் தேர்ந்தெடுத்ததை எண்ணித் தலைவணங்குகிறேன். இந்தப் பயணத்தில் உடன் நின்ற குடும்பத்துக்கும் நண்பர்களுக்கும் வழிகாட்டிகளுக்கும் நன்றி. என்னை நம்பாதவர்களுக்கும் நன்றி."

பெருமையடித்துவிடக் கூடாது என்ற கவலையில்தான் அவள் தகுதியில்லை என்று தொடங்கியிருக்கிறாள். ஆனால் படிக்கிறவர் கண்ணுக்கு முதலில் படுவது அந்த நூற்றுக்கணக்கானவர்கள்தான். பணிவு என்று ஒரு போர்வையைப் போட்டு உள்ளே பெருமையை வைத்தால் ஜனங்களுக்குத் தெரியாமல் போகாது. இதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். ஓவுல் செசர் என்பவரும் அவரோடு சேர்ந்த இருவரும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், இப்படிப் பணிவுக்குள் ஒளித்த பெருமையைவிட நேரடியான பெருமையையே ஜனங்கள் பரவாயில்லை என்று நினைப்பதாகத் தெரியவந்தது. காரணம், ஒளித்துச் சொல்வதில் உண்மை இல்லை என்று படுகிறதாம். அதனால் அவளிடம் முதலில் சொன்னது, தலைவணங்காதே, செய்தியைச் சொல். எங்கே, என்ன வேலையில் சேர்ந்திருக்கிறாய்? அது முதல் வரியிலேயே வரட்டும். லிங்க்டினில் 3,000 எழுத்துவரை எழுத இடம் உண்டுதான். ஆனால் மற்றவர் திரையில் முதல் இரண்டு மூன்று வரிதான் தெரியும், மீதியைத் தட்டித் திறக்க வேண்டும். அந்த இரண்டு வரியில் வேலையே இல்லாமல் உணர்ச்சி மட்டும் இருந்தால் திறக்காமலே போய்விடுவார்கள்.

அடுத்து நன்றி. இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டர் எல்லாம் வருவதற்கு முன்னால் எங்கள் ஆலையில் ஸ்டோர் கிளார்க் ஒருவர் இருந்தார். வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனபோது அறிவிப்புப் பலகையில் ஒரு துண்டுத்தாள் குத்திவிட்டுப் போனார். மேலதிகாரிகள் பெயர் ஒன்றும் அதில் இல்லை. கணக்கு எடுக்கும் இரவுகளில் ஃபிளாஸ்கில் டீ எடுத்து வைத்த கேன்டீன்காரருக்கு நன்றி என்று ஒரு வரி. சரக்கு வண்டி தாமதமாக வந்தால் வீட்டுக்கு ஆள் அனுப்பிச் சொன்ன வாட்ச்மேனுக்கு நன்றி என்று இன்னொரு வரி. அவ்வளவுதான். கேன்டீன்காரர் அந்தத் தாளைக் கழற்றவே விடவில்லை. அதன்மேல் வேறு சுற்றறிக்கை குத்த வந்தவர்களிடம் சண்டைக்குப் போனார். மாற்றல் போனவர் எந்தப் பதவிக்குப் போனார் என்பதுகூட இன்றைக்கு எனக்கு நினைவில்லை. டீ நினைவிருக்கிறது, பாருங்கள்.

நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான். யாருக்கு நன்றி என்பதோடு நிறுத்தாதீர்கள். அவர் என்ன செய்தார் என்று சொல்லுங்கள். "வழிகாட்டிகளுக்கு நன்றி" என்றால் படிக்கிற யாருக்கும் தன்னைச் சொன்ன மாதிரி இருக்காது. செய்ததைச் சொல்லும்போது கவனம் தானாகவே உங்களைவிட்டு அவர்மேல் போய்விடும், பெருமை தொனிக்க இடமே இருக்காது. அதற்கு இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர் போதும். பத்துப் பெயர் போட்டால் பதினோராவது ஆளுக்கு வருத்தம். மீதிப் பேருக்குப் பதிவு போடுவதற்கு முன்னால் போன் செய்துவிடுங்கள். பெரியப்பா திரையில் பார்த்துத் தெரிந்துகொண்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம், பெயர் போடுவதற்கு முன் அவரைக் கேட்க வேண்டும். இது மரியாதைக்காக மட்டும் இல்லை. உங்களுக்குச் சிபாரிசு செய்தவர் பெயரைப் போட்டால், மறுநாள் முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் எனக்கும் சிபாரிசு செய்யுங்கள் என்று அவருக்கு எழுத ஆரம்பிப்பார்கள். இன்னொன்றும் உண்டு. நீங்கள் விட்டு வந்த கம்பெனியிலேயே இன்னும் வேலை பார்க்கிற ஒருவர், நேர்முகத் தேர்வுக்கு உங்களைத் தயார் செய்திருக்கலாம். அதைப் பதிவில் நன்றியாக எழுதினால், ஆள் கிளம்பிப் போக உதவியவர் இவர்தான் என்று அவருடைய மேலாளருக்கு நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி. உங்களுக்கு வேலை கற்றுக்கொடுத்ததற்காக அவருக்கு நன்றி சொல்லுங்கள். தேர்வு சமாச்சாரத்தைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அக்கா மகளிடம் வருவோம். உட்கார்ந்து திரும்ப எழுதினோம். கடைசியில் வந்தது இது:

"இந்த வாரம் கோயம்புத்தூரில் பம்பு தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் சேர்ந்திருக்கிறேன். இதற்கு முன் ஒரு ஃபவுண்டரியில் இருந்தேன். காஸ்டிங்கில் ப்ளோ ஹோல் எங்கே வரும் என்று கையால் தடவிப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தவர் அங்கே இருந்த சூப்பர்வைசர் அண்ணன். அறிக்கை எழுதத் தெரியாமல் முழித்த நாட்களில் ஒவ்வொரு வரியையும் திருத்திக் கொடுத்தவள் என் தோழி. இருவருக்கும் நன்றி. இங்கே இயந்திரங்கள் வேறு, முறையும் வேறு. கொஞ்ச நாளைக்குக் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பேன்."

நிறுவனத்தின் பெயரும் அந்த இருவர் பெயரும் அவள் பதிவில் இருந்தன, நான்தான் இங்கே சொல்லவில்லை. என்னை நம்பாதவர்கள் என்ற வரி போய்விட்டது. அதற்கு அவள் லேசில் சம்மதிக்கவில்லை. யாரைக் குத்துகிறாள் என்று தெரியாமல் பழைய ஆபீஸில் எல்லாரும் தன்னைத்தானோ என்று நினைப்பார்கள் என்ற பிறகுதான் அழித்தாள். சம்பளம் எத்தனை சதவீதம் ஏறியது, எத்தனை சுற்றுத் தேர்வு, வேறு எங்கெல்லாம் கூப்பிட்டார்கள், இதெல்லாம் வீட்டுக்குள் பேசுகிற விஷயம். அவளோடு படித்த பிள்ளைகள் சிலர் இன்னும் வேலை தேடிக்கொண்டிருக்கிறார்கள், அவர்களும்தான் படிப்பார்கள்.

எப்போது போடுவது? ஆஃபர் லெட்டர் வந்த அன்றைக்கு வேண்டாம். பின்னணி சரிபார்ப்பு பாக்கி இருக்கும், பழைய இடத்தில் ரிலீவிங் லெட்டர் கையில் வந்திருக்காது, சில சமயம் சேரும் தேதியே தள்ளிப்போகும். போய்ச் சேர்ந்து, அடையாள அட்டை வாங்கி, சமூக வலைத்தளத்தில் எழுதுவது பற்றி கம்பெனியில் ஏதாவது விதி உண்டா என்று கேட்டுக்கொண்டு போடலாம். லிங்க்டினில் புது வேலையைச் சேர்க்கும்போது, தொடர்பில் இருப்பவர்களுக்குத் தெரிவிக்கவா என்று ஒரு பொத்தான் இருக்கும். அது ஆனில் இருப்பதைக் கவனிக்காமல் விட்டால் நீங்கள் எழுதுவதற்கு முன்பே செய்தி போய்விடும்.

வாழ்த்துகளுக்கு எப்படிப் பதில் எழுதுவது என்றும் சொல்ல நினைத்திருந்தேன், நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள். அதை விட்டுவிட்டு அவசரமான ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பதிவுகளை மோசடிக்காரர்களும் படிக்கிறார்கள். புதிதாகச் சேர்ந்தவருக்குக் கம்பெனி முதலாளி பெயரில், மீட்டிங்கில் இருக்கிறேன், உடனே கிஃப்ட் கார்டு வாங்கி எண்ணை அனுப்பு என்று செய்தி வரும். முதலாளியின் எழுத்தும் பழக்கமும் புது ஆளுக்குத் தெரியாது என்பதுதான் அவர்கள் கணக்கு. அப்படி வந்தால் பதில் போடாமல் நேரே உங்கள் மேலாளரிடம் போய்க் கேளுங்கள். அடையாள அட்டையைப் படம் எடுத்தும் போடாதீர்கள், அதில் உங்கள் பணியாளர் எண் இருக்கும். வணக்கம்.